550 கிலோவோல்ட்: ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தாங்க வேண்டிய அலை

தமிழ்நாட்டின் 110 கிலோவோல்ட் துணைமின் நிலையங்களில் நிற்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களின் பெயர்ப்பலகையைப் படித்தால், மின்னழுத்தம், ஆம்பியர், எண்ணெயின் எடை எல்லாவற்றுக்கும் நடுவே எல்.ஐ. 550, ஏ.சி. 230 என்பது போன்ற ஒரு வரி இருக்கும். இதில் 550 என்பதுதான் அந்த டிரான்ஸ்ஃபார்மரின் அடிப்படைக் காப்பு நிலை. பொறியாளர்கள் இதைச் சுருக்கமாக பி.ஐ.எல். என்பார்கள். மின்னல் காரணமாக லைனில் வரும் அழுத்த அலையின் உச்சம் 550 கிலோவோல்ட் வரை இருந்தாலும், உள்ளே இருக்கும் காகிதமும் எண்ணெயும் உடையாமல் தாங்கும் என்பதே இதன் பொருள்.

இந்த எண்ணைப் பார்த்ததும் ஒரு கேள்வி எழும். 110 கிலோவோல்ட் என்பது இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே உள்ள அழுத்தம். ஒரு ஃபேஸுக்கும் தரைக்கும் இடையே 63.5 கிலோவோல்ட்தான், அலையின் உச்சியை எடுத்துக்கொண்டாலும் 90 கிலோவோல்ட். ஆயுள் முழுவதும் 90-ஐப் பார்க்கப்போகும் ஒரு கருவியை ஆறு மடங்குக்கு ஏன் தயார்செய்ய வேண்டும்? மின்னல் பெரியது என்று சொல்லிவிட்டால் பதில் முடிந்துவிடாது. ஏனென்றால் மின்னலின் அளவு 550 கிலோவோல்ட்டைவிட மிகமிகப் பெரியது.

சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரை ஒட்டிய சான் சால்வடோரே மலையுச்சியில் கோபுரங்களை நிறுத்தி, 1940-களிலிருந்து கார்ல் பெர்கர் பல ஆண்டுகள் மின்னலை அளந்தார். மேகத்திலிருந்து இறங்கும் முதல் வெட்டின் மின்னோட்டம் நடுத்தரமாக 30,000 ஆம்பியர் என்பது அவருடைய பதிவுகளிலிருந்து கிடைத்த எண். அந்த 30,000 ஆம்பியர் ஒரு லைன் கம்பியின் மேல் நேராக விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகப் பிரிந்து ஓடும். மேல்நிலைக் கம்பி இப்படிப்பட்ட திடீர் அலைக்குக் காட்டும் தடை ஏறக்குறைய 400 ஓம். 15,000 ஆம்பியரை 400-ஆல் பெருக்கினால் 60 லட்சம் வோல்ட். 110 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் இதைத் தாங்காது. தாங்கும்படி செய்யவும் யாரும் முயல்வதில்லை.

அந்த 60 லட்சம் வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்வரை வந்து சேர்வதும் இல்லை. கோபுரத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர்கள் அதைக் கண்டதும் வெளிப்பக்கமாகப் பொறிவிட்டு, பெரும்பகுதியைத் தரைக்குத் தள்ளிவிடும். எஞ்சிய அலை கம்பியில் மைக்ரோ விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் ஓடும்போது, கம்பியைச் சுற்றியுள்ள காற்று ஒளிர்ந்து அதன் ஆற்றலை உறிஞ்சும். அலையின் செங்குத்தான முகம் சரிந்து மழுங்கும். துணைமின் நிலையத்தின் வாசலில் அரெஸ்டர் மேலும் ஒரு பங்கைத் தரைக்கு அனுப்பும். இவ்வளவும் கடந்து டிரான்ஸ்ஃபார்மரின் புஷிங்கைத் தொடும் அலைதான் சோதனைக்கூடம் உருவாக்க முயலும் அலை. மின்னலின் மின்னோட்டம் வேறு, மின்னலால் டிரான்ஸ்ஃபார்மரின் வாசலுக்கு வந்துசேரும் அழுத்தம் வேறு. சோதனை அலை இரண்டாவதைக் குறிக்கிறது.

அந்த அலைக்கு உலகம் ஒப்புக்கொண்ட வடிவம் ஒன்று உண்டு: 1.2/50. அழுத்தம் 1.2 மைக்ரோ விநாடியில் உச்சிக்கு ஏற வேண்டும். பிறகு மெதுவாக இறங்கி, தொடக்கத்திலிருந்து 50 மைக்ரோ விநாடி ஆகும்போது உச்சத்தில் பாதிக்கு வந்திருக்க வேண்டும். ஏறும் பகுதியை முகம் என்றும் இறங்கும் பகுதியை வால் என்றும் சொல்வார்கள். முகத்தின் அடியும் உச்சியும் அளவுமானியில் கலங்கலாகத் தெரியும் என்பதால் அந்த இரண்டு இடங்களையும் நம்புவதில்லை. 30 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்கு ஏற எடுக்கும் நேரத்தை அளந்து 1.67-ஆல் பெருக்கி, அதையே முகநேரம் என்று கொள்கிறார்கள்.

இயற்கையில் எந்த மின்னல் அலையும் சரியாக 1.2-இல் ஏறி 50-இல் இறங்குவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் லைன்களில் வரும் அலைகளைப் பதிவுசெய்யத் தொடங்கிய பிறகு, அமெரிக்கர்கள் 1.5/40 என்ற வடிவத்தையும் ஐரோப்பியர்கள் 1/50 என்ற வடிவத்தையும் தரமாக வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு வந்த 1.2/50 இரண்டுக்கும் நடுவில் கண்ட உடன்பாடு. இன்றைய தரவிதி முகத்துக்கு முன்பின் 30 சதவீதமும், வாலுக்கு 20 சதவீதமும் விலக்கு தருகிறது. அதாவது முகம் 0.84 முதல் 1.56 வரை இருக்கலாம். வால் 40 முதல் 60 வரை இருக்கலாம். பழைய இரண்டு வடிவங்களும் இந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. உச்சத்தில் மட்டும் இவ்வளவு தாராளம் கிடையாது, 3 சதவீதம்தான்.

முகத்துக்கும் வாலுக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளே தனித்தனி வேலை இருக்கிறது. இந்தச் சோதனையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பதால் அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நம்முடைய 110 கிலோவோல்ட் சுருள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய 80 டிஸ்க்குகளால் ஆனது என்று கொள்வோம். ஒவ்வொரு டிஸ்க்கும் காகிதம் சுற்றிய செப்புப் பட்டையைத் தட்டையாகச் சுற்றிச் செய்த சுருள். மேல் முனை லைனோடும் கீழ் முனை தரையோடும் இணைந்திருக்கின்றன. அன்றாட 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 63.5 கிலோவோல்ட்டை 80 டிஸ்க்குகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும்; ஆளுக்கு 800 வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பெயர்ப்பலகையில் உள்ள ஏ.சி. 230 என்ற மாறுதிசைச் சோதனையிலும் பங்கீடு சமம்தான், டிஸ்க்குக்கு 2.9 கிலோவோல்ட், உச்சத்தில் 4 கிலோவோல்ட்.

ஒரு மைக்ரோ விநாடியில் ஏறும் அலைக்கு இந்தச் சமபங்கு தெரியாது. அவ்வளவு வேகத்தில் சுருளின் தூண்டல் மின்னோட்டத்தை உள்ளே விடாது. அந்தக் கணத்தில் சுருள் ஒரு சுருளாகவே நடந்துகொள்வதில்லை. டிஸ்க்குக்கும் டிஸ்க்குக்கும் இடையே ஒரு சிறு மின்தேக்கி, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தரைக்கும் இடையே இன்னொரு மின்தேக்கி என்று ஒரு நீண்ட மின்தேக்கிச் சங்கிலியாக அது நிற்கிறது. கரை ஓட்டையான வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் தலைமடைக்காரன் நிலமே பெரும்பங்கை விழுங்கிக்கொள்ள, கடைமடைக்கு ஈரம் மட்டும் எட்டும். அதேபோல், அலை ஒவ்வொரு டிஸ்க்கைக் கடக்கும்போதும் ஒரு பங்கு தரைக்குக் கசிந்துவிடுவதால், முதல் சில டிஸ்க்குகளுக்குள்ளேயே அழுத்தத்தின் பெரும்பகுதி விழுந்துவிடுகிறது.

எவ்வளவு பெரும்பகுதி என்பதைத் தீர்மானிப்பது ஓர் எண். தரையோடுள்ள மொத்த மின்தேக்கத்தை, சுருளின் நெடுக உள்ள மின்தேக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அது கிடைக்கும், ஆல்ஃபா என்பார்கள். சாதாரணமாகச் சுற்றிய சுருளில் அது 10 அளவில் இருக்கலாம். அப்படியானால் சுருளின் முதல் பத்தில் ஒரு பங்கு, அதாவது முதல் 8 டிஸ்க்குகள், மொத்த அழுத்தத்தில் 63 சதவீதத்தைத் தாங்க வேண்டும். 550 கிலோவோல்ட் அலையில் முதல் டிஸ்க்கின் மேல் மட்டும் விழுவது ஏறத்தாழ 65 கிலோவோல்ட். சமமாகப் பங்கிட்டிருந்தால் 6.9 கிலோவோல்ட் விழுந்திருக்கும். மாறுதிசைச் சோதனையில் அதே இடம் பார்த்தது 4 கிலோவோல்ட். ஆகவே மாறுதிசைச் சோதனையில் குறையில்லாமல் தேறிய ஒரு டிரான்ஸ்ஃபார்மர், முதல் இடியில் முதல் டிஸ்க்கிலேயே எரிந்துபோக முடியும். தனியாக ஓர் இம்பல்ஸ் சோதனை வேண்டியிருப்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் உலகம் இதைப் புரிந்துகொண்டு நூறாண்டுக்கு மேலாகிறது. புளூம், போயஜியன் என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள் 1919-இலேயே சுருளுக்குள் அலை எப்படிப் பரவுகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். பரிகாரம் இரண்டு வழிகளில் வந்தது. லைன் முனையில் ஒரு நிலைமின் வளையத்தை வைப்பது ஒன்று. பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளை வரிசை மாற்றிப் பின்னி, டிஸ்க்குகளுக்கு இடையிலான மின்தேக்கத்தை உயர்த்துவது மற்றது. பின்னிய சுருளில் ஆல்ஃபா 3-க்கு இறங்கினால், முதல் டிஸ்க்கின் பங்கு 65-இலிருந்து 20 கிலோவோல்ட்டுக்கு வந்துவிடும். செம்பும் காகிதமும் அதே அளவுதான். சுற்றிய வரிசைதான் வேறு.

முகத்தின் வேலை இதோடு முடிகிறது. வால் அடுத்த வேலையை எடுத்துக்கொள்கிறது. அலை உச்சிக்குப் போன பிறகு, தொடக்கத்தில் கோணலாகப் பங்கிடப்பட்ட அழுத்தம் மெல்லச் சமநிலையை நோக்கி நகரும். ஆனால் நேராக அங்கே போய் நிற்காது. தாண்டிப்போய், திரும்பிவந்து, சுருள் முழுவதும் பத்துப் பத்து மைக்ரோ விநாடிகளாக ஊசலாடும். அந்த ஊசலாட்டத்தில் சுருளின் நடுப்பகுதிகள், சமபங்கில் தமக்கு வர வேண்டியதைவிட மிக உயரத்துக்குப் போகும். நியூட்ரல் தரையோடு சேராத டிரான்ஸ்ஃபார்மரில், உள்ளே சில இடங்களின் அழுத்தம் வாசலில் கொடுத்ததையே மிஞ்சிவிடும். வால் சட்டென்று அறுந்துவிட்டால் இந்த ஊசல் வளர நேரம் கிடைக்காது. 50 மைக்ரோ விநாடி நீடிப்பதால்தான், சுருளுக்கும் இரும்பு உள்ளகத்துக்கும் இடையே இருக்கும் தடித்த காப்புகளும் சோதிக்கப்படுகின்றன.

மூன்றாவதாக ஒன்றும் நடக்கலாம். வரும் அலை டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்திலேயே ஏதாவது ஓர் இன்சுலேட்டரில் பொறியாகி, ஏறிய அழுத்தம் ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவான நேரத்தில் சரிந்து விழலாம். அந்தச் சரிவு ஏற்றத்தைவிடச் செங்குத்தானது. அதனால் முதல் டிஸ்க்குகளின் மேல் விழும் சுமை இன்னும் கூடும். இதைப் போலி செய்யும் வெட்டலையை, வாங்குபவர் கேட்டுக்கொண்டால் 110 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கும் கொடுப்பார்கள். அதன் உச்சம் முழு அலையைவிட 10 சதவீதம் அதிகம். நம் கணக்கில் 605 கிலோவோல்ட்.

இனி சோதனைக்கூடத்துக்குள் போகலாம். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் நிரப்பி, புஷிங்குகள் மாட்டி, களத்தில் நிற்கப்போவது போலவே நிற்கிறது. பக்கத்தில் பல மாடி உயரத்துக்கு எழும்பி நிற்பது இம்பல்ஸ் ஜெனரேட்டர். ஜெர்மானியப் பொறியாளர் எர்வின் மார்க்ஸ் 1920-களில் கண்ட சுற்று அது. பல மின்தேக்கிகளைப் பக்க இணைப்பில் வைத்து, ஒவ்வொன்றையும் 100 கிலோவோல்ட் போன்ற அளவுக்கு நிதானமாக ஏற்றுவார்கள். பிறகு அடியில் உள்ள கோள இடைவெளியில் ஒரு பொறியை மூட்டினால், மேலே உள்ள இடைவெளிகள் எல்லாம் அடுத்தடுத்துப் பொறிவிட்டு, மின்தேக்கிகள் அனைத்தும் ஒரே கணத்தில் தொடராக மாறிவிடும். ஏழு படிக்கு 700 கிலோவோல்ட். வெடிச்சத்தம் கூடம் முழுக்க அதிரும். முகத்தின் வேகத்தை ஒரு மின்தடையும், வாலின் நீளத்தை இன்னொரு மின்தடையும் கட்டுப்படுத்தும். டிரான்ஸ்ஃபார்மரும் சுற்றில் ஒரு பகுதி என்பதால் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் அலையின் வடிவம் கொஞ்சம் மாறும். குறைந்த அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து மின்தடைகளை மாற்றி மாற்றி வடிவத்தை எல்லைக்குள் கொண்டுவருவார்கள்.

சோதனை அலை எதிர்மின் முனைப்பில் கொடுக்கப்படும். நேர்மின் அலையானால், எண்ணெய்க்குள் ஒன்றும் ஆகாமலே புஷிங்கின் வெளிப்பக்கம் காற்றில் பொறிவிட்டுச் சோதனையைக் கெடுக்கும் வாய்ப்பு கூடுதல். ஒரு ஃபேஸுக்கு அலை கொடுக்கும்போது மற்ற முனைகள் தரையோடு இணைந்திருக்கும். நியூட்ரல், ஒரு சிறு அளவு மின்தடை வழியாகத் தரைக்குப் போகும். முதலில் 50 முதல் 70 சதவீதத்துக்குள் ஒரு குறைந்த அலை. 60 என்று வைத்தால் 330 கிலோவோல்ட். அதன்பின் 550-இல் மூன்று முழு அலைகள். இப்படி மூன்று ஃபேஸ்களுக்கும். இந்த அழுத்த வகுப்பில், சர்வதேசத் தரவிதிப்படி இது மாதிரிக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் மட்டும் செய்துபார்க்கும் சோதனையல்ல. தொழிற்சாலையை விட்டு வெளியேறும் ஒவ்வொன்றும் இதைக் கடந்தாக வேண்டும்.

தேறிவிட்டதா என்று எப்படித் தெரியும்? உள்ளே தரையோடு முழுக்க உடைந்திருந்தால் சுலபம்: அழுத்த வரைபடம் பாதியிலேயே அறுந்து விழும். ஆனால் 80 டிஸ்க்குகளில் இரண்டுக்கு நடுவில் மட்டும் ஒரு பொறி பாய்ந்திருந்தால், வாசலில் அளக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். வெளியே சத்தமில்லை, புகையில்லை. அதனால்தான் நியூட்ரலில் அந்தச் சிறு மின்தடையை வைத்திருக்கிறார்கள். சுருள் முழுவதையும் கடந்து வெளியேறும் மின்னோட்டத்தை அது பதிவுசெய்கிறது. 330-இல் கிடைத்த மின்னோட்ட வரைபடத்தை 550-இன் அளவுக்குப் பெருக்கி, 550-இல் கிடைத்ததன் மேல் வைத்துப் பார்ப்பார்கள். சுருளும் காப்பும் முழுமையாக இருந்தால் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரியும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இரண்டாவது முழு அலைவரை கோடுகள் ஒன்றியிருந்தன. மூன்றாவதில், தொடங்கி 12 மைக்ரோ விநாடியில் மின்னோட்டக் கோடு மட்டும் சற்று மேலே பிரிந்து, நுண்ணிய அதிர்வுகளோடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஓரிரு மைக்ரோ விநாடியில் பிரிவு தெரிந்திருந்தால் ஜெனரேட்டரின் கோளங்கள் ஒரே நேரத்தில் பொறிவிடாததைச் சந்தேகிக்கலாம். டேப் சேஞ்சருக்குள் நேர்விகிதமற்ற பாதுகாப்பு மின்தடைகள் இருந்தாலும் குறைந்த அலைக்கும் முழு அலைக்கும் வித்தியாசம் வரும்; ஆனால் அது எல்லா முழு அலைகளிலும் ஒரே மாதிரி வர வேண்டும். இங்கே முதல் இரண்டில் இல்லாதது மூன்றாவதில் வந்திருக்கிறது. தரை இணைப்புகளைச் சரிபார்த்து மறுபடி 330-இல் சுடுகிறார்கள்; அதிலும் கோடு பழைய 330-இலிருந்து விலகுகிறது. இனிச் சந்தேகமில்லை. எண்ணெயை வடித்து, உள்ளகத்தை வெளியே தூக்கி, காகிதத்தில் ஊசிமுனை அளவு கருகிய துளையைத் தேட வேண்டியதுதான்.

அந்தத் துளை ஏன் மன்னிக்கப்படுவதில்லை? லைன் இன்சுலேட்டர்களுக்கும் இதே 1.2/50 அலையைக் கொடுத்துத்தான் சோதிக்கிறார்கள். அங்கே 15 அலைகளில் இரண்டு முறை பொறிவிட்டாலும் தேர்ச்சிதான். காற்றில் பாய்ந்த பொறி அணைந்ததும் காற்று பழையபடி ஆகிவிடும். காகிதத்தில் விழுந்த துளை மூடிக்கொள்வதில்லை. அதனால் டிரான்ஸ்ஃபார்மருக்கு மூன்று அலை, மூன்றிலும் ஒரு தவறுகூடக் கூடாது.

தேறிய பிறகும் 550 என்ற எண் தனியாக நின்று டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றாது. வாசலில் நிற்கும் அரெஸ்டர் அலையை 250 கிலோவோல்ட்டில் நிறுத்துகிறது என்று கொள்வோம். 550-க்கும் 250-க்கும் நடுவே நிறைய இடம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் அந்த 250 அரெஸ்டர் இருக்கும் இடத்தில்தான். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குப் போன அலை அங்கே மோதி இரட்டித்து, திரும்பிவந்து அரெஸ்டரைத் தொடும்வரை டிரான்ஸ்ஃபார்மரின் மேல் அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். அருகிலேயே விழுந்த இடியால் அலை மைக்ரோ விநாடிக்கு 1,000 கிலோவோல்ட் வேகத்தில் ஏறுகிறது என்றால், இடையில் உள்ள ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 67 கிலோவோல்ட் கூடும். 30 மீட்டர் தள்ளி அரெஸ்டரை நிறுத்தினால் 200 கூடி, டிரான்ஸ்ஃபார்மர் பார்ப்பது 450. உள்காப்புக்கு 1.15 என்ற பாதுகாப்புக் காரணி வைத்து 550-ஐ வகுத்தால் கிடைப்பது 478. ஆகவே 30 மீட்டர் சரி, 40 மீட்டர் கூடாது. சரியாகச் சொன்னால் 34 மீட்டர் எல்லை. அரெஸ்டரை லைனோடும் தரையோடும் இணைக்கும் கம்பிகளின் நீளமும் இந்தக் கணக்கில் சேரும்.

சோதனை, புது டிரான்ஸ்ஃபார்மரில் செய்யப்படுகிறது. இருபது, முப்பது ஆண்டுகள் சூட்டிலும் ஈரத்திலும் வேலைசெய்த காகிதம் அதே காகிதம் அல்ல. சர்வதேசத் தரவிதியும் இதை ஒப்புக்கொள்கிறது: பயன்பாட்டில் இருந்து பழுதுபார்க்கப்பட்ட டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்பச் சோதிக்கும்போது, வேறு உடன்பாடு இல்லையென்றால், முதல் அழுத்தத்தில் 80 சதவீதம் கொடுத்தால் போதும் என்கிறது. 550-இல் 80 சதவீதம் 440. எச்சரிக்கையுள்ள பொறியாளர் பழைய டிரான்ஸ்ஃபார்மருக்கு 440-ஐயே வைத்து அதே கணக்கை மறுபடி போடுவார்: 1.15-ஆல் வகுத்தால் 383, அதில் அரெஸ்டரின் 250 போக எஞ்சுவது 133. அப்போது அரெஸ்டர் நிற்கக்கூடிய தொலைவு 34 மீட்டரிலிருந்து 20 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது.